ஊற்றுப்பள்ளம் என்ற பேர் வந்த வழி

அலுவலகத்தில் அவளுக்கு வகைக்காரி என்று பேர். வைத்தவள் நான்தான், பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. நில அளவை அலுவலகத்தின் மேல்மாடியில் ஜன்னலோரம் என் மேசை, சுவரோரம் அவள் மேசை. நான் வரைபடம் வரைகிறவள். அவளோ அந்த வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு பேரையும் பிடித்து உட்காரவைத்து, நீ எப்படி இங்கே வந்தாய் என்று விசாரிக்கிறவள். ஊர், தெரு, ஓடை, மேடு, எதையும் விடமாட்டாள்.

வகைகள் நாலுதான். இடம் எப்படி இருக்கிறதோ அதையே சொன்னால் விளக்கப் பேர்: செம்மண்மேடு என்றால் அங்கே மண் சிவப்பு, இடம் மேடு, அவ்வளவுதான் விஷயம். ஒருவரை நினைத்து வைத்தது நினைவுப் பேர்: பிரசவம் பார்த்தே கிழவியாகிப் போன ஒரு டாக்டருக்காக டாக்டரம்மா நகர். பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்றை வைத்து வந்தது தொடர்புப் பேர்: சூளை இடிந்து தலைமுறையாகியும் அது இன்னும் சூளைத் தெருதான். ஜனங்கள் வேறு இடத்திலிருந்து மூட்டை முடிச்சோடு தூக்கி வந்தது பெயர்ந்த பேர். கேட்டால் குழந்தைகூடச் செய்துவிடும் வேலை போலத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள்தான் ஒருநாள் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். பேருக்கு என்ன அர்த்தம் என்பது கேள்வியே இல்லையாம். வைத்தவன் எதற்காக வைத்தான் என்பதுதான் கேள்வியாம். ஒரே பேர் ஓரிடத்தில் விளக்கமாக இருக்கும், இன்னோரிடத்தில் பெயர்ந்து வந்ததாக இருக்கும், எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாதாம்.

வேடிக்கைக்கு எங்களையும் வகை பிரிப்பாள். மாமனார் தயவில் வேலைக்கு வந்த எங்கள் இயக்குநர் தொடர்புப் பேராம். நான் விளக்கப் பேராம், உள்ளே இருப்பதெல்லாம் முகத்திலேயே தெரிகிறதாம். "உன் வாய்க்கு ஒரு வகை தேடிக்கிட்டிருக்கேன், கிடைக்கலை" என்பாள். சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கவிழ்த்து அதில்தான் சாப்பிடுவாள், டப்பாவை எனக்குத் தள்ளுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனைப் படிக்கவைத்து, பஸ் கம்பெனியில் மெக்கானிக் ஆக்கி, பெண் பார்த்துக் கட்டிவைத்து, ஓய்ந்து நிமிர்ந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. அதைப் பற்றி அவளுக்குப் புகார் கிடையாது. தம்பியின் இரண்டு குட்டிகள் அத்தை என்று ஓடிவந்தால் போதும், அந்த வாரம் முழுக்க எங்களுக்கெல்லாம் அவர்கள் கதைதான்.

அந்தத் தம்பி வீடு வாங்கிய கதையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

ஊரின் தெற்கு ஓரத்தில் ஊற்றுப்பள்ளம் என்று ஓர் இடம். மலைப் பக்கத்தில் அதே பேரில் ஒரு கிராமம் இருந்தது. அணை கட்டியபோது அந்தக் கிராமத்தைக் காலி செய்தார்கள். ஜனங்கள் வந்து இறங்கியது இந்தத் தெற்கு ஓரத்தில். வகைக்காரி அங்கே விசாரிக்கப் போனபோது கண்ணுக்கெட்டிய தூரம் வறண்ட தரை. ஊற்றும் இல்லை, பள்ளமும் இல்லை. எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ஊற்றுப்பள்ளத்திலிருந்து வந்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதைவிடச் சுத்தமான சான்று என்ன வேண்டும்? பெயர்ந்த பேர் என்று எழுதிவிட்டு வந்தாள். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் அலுவலகத்துக்கு வெளியே ஒரு வேலை இருந்தது. ஊற்று, சதுப்பு, சரிவு என்று பேரிலேயே எச்சரிக்கை உள்ள இடமாக இருந்து, அது விளக்கப் பேர் என்று நாங்கள் எழுதியிருந்தால், துளை போட்டு மண்ணைப் பார்க்காமல் அங்கே மாடிக் கட்டடம் கட்ட நகராட்சி அனுமதி தராது. பெயர்ந்த பேர் என்றால் அந்தத் தொல்லை இல்லை. பேர் சொல்வது வேறெங்கோ உள்ள மண்ணைப் பற்றி, இந்த மண்ணைப் பற்றி இல்லை என்று விட்டுவிடுவார்கள். நியாயமான விதிதான். ஊற்றுப்பள்ளத்தில் துளை போடவில்லை. ஐந்து மாடிக் குடியிருப்பு எழும்பியது. கட்டியவர் தன் தகப்பனார் பேரை வாசலில் பித்தளையில் பதித்தார். நினைவுப் பேர், அதிலொன்றும் சிக்கல் இல்லை.

தம்பி வாங்கும் முன்னால் அக்காவிடம் கேட்டான். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன், டீ குடிக்க வந்திருந்தான். "ஏன்க்கா, பேரே ஊத்துப்பள்ளம்னு இருக்கே, பயமா இருக்கு. வாங்கலாமா?" என்றான். இவள் சிரித்தாள். "அந்தப் பேரு மலையிலேர்ந்து ஜனங்களோட வந்துச்சுடா. இந்த மண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. தைரியமா வாங்கு." அவன் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா சொன்னால் அவனுக்கு அதுதான் முடிவு, சின்ன வயதிலிருந்தே அப்படி.

தரைத்தளத்தில் பின்பக்க வீடு அவனுடையது. குடிபோன அடுத்த மழைக்காலத்தில் படுக்கையறைக் கதவைச் சாத்த முடியவில்லை என்றான். தச்சனைக் கூப்பிட்டுச் சீவவைத்தான். கொஞ்ச நாளில் மறுபடி சாத்த முடியவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் ஒரு விரிசல் சாய்வாக இறங்கியது. கட்டியவரின் ஆள் வந்து பூசி, வெள்ளையடித்து, புதுக் கட்டடம் என்றால் கொஞ்சம் உட்காரத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனான். வெள்ளை காய்வதற்குள் விரிசல் அதே வழியில் திறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகைக்காரி அங்கே போயிருந்தபோது சின்னக் குட்டி ஒரு கோலிக்குண்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கையை எடுத்தால் குண்டு தானாகவே பின்சுவருக்கு ஓடுகிறது. குழந்தைக்கு அது பெரிய வித்தை. "அத்தை, இது தானாப் போவுது பாரு" என்று திரும்பத் திரும்பக் காட்டினாளாம். இதை மறுநாள் என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மண்ணு பேசுதுடி," என்றாள். "நான் எதையோ சரியாக் கேக்கலை."

அன்றைக்கே அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, மலை ஜனங்கள் குடியிருக்கும் வரிசைக்குப் போனாள். அங்கே ஒரு பழைய லாரி டிரைவர். மலையிலிருந்து இறங்கியபோது இளைஞனாக இருந்தவர், இப்போது முழங்கால் தேய்ந்து நாற்காலியை விட்டு எழாதவர். முன்பு அவள் விசாரித்தவர்களில் அவரும் ஒருவர்தான். இந்தத் தடவை கேள்வியை மாற்றிக் கேட்டாள். இந்த இடத்துக்கு இந்தப் பேரை வைத்தது நீங்களா என்றாள்.

அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "நாங்க எதுக்கும்மா வைக்கணும்? அது ஏற்கெனவே இருந்த பேருதானே. மூணு இடம் காட்டினாங்க, எதுல வேணா இறங்கிக்கங்கன்னு. மத்த ரெண்டும் இதைவிட நல்ல இடம். ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தவங்ககிட்ட இது என்ன இடம்னு கேட்டோம், ஊத்துப்பள்ளம்னாங்க. எங்கப்பா அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டாரு. நம்ம பேரு இங்க நமக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டிருக்குடா, இங்கயே இறங்குன்னு சொல்லிட்டாரு."

அப்போ பள்ளமும் ஊற்றும் எங்கே போயின என்று கேட்டேன். தாங்கள் இறங்கியபோது இருந்தது, கால் வைத்தால் சதசதவென்று இருக்கும் என்றார். அதனால்தான் அவர்கள் எல்லாரும் மேட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள். பள்ளத்தில் கல்குவாரிக்காரன் வருஷக்கணக்கில் கழிவைக் கொட்டிச் சமமாக்கினான். அவரே லாரியில் கொட்டியிருக்கிறார். அதன் மேல்தான் குடியிருப்பு நிற்கிறது.

ஜனங்கள் பேரைக் கொண்டுவரவில்லை. பேர் இருந்த இடத்தைத் தேடி ஜனங்கள் வந்திருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் ஒரே பேர், ஜனங்கள் அங்கிருந்து இங்கே வந்தவர்கள், ஆகவே பேரும் அப்படியே வந்தது என்று இந்தத் தொழில் தெரிந்தவள் முடிவு கட்டிவிட்டாள். தெரியாதவளாக இருந்தால் பேரைக் கேட்டதும் ஊற்று இருக்கும் என்று பயந்து ஒதுங்கியிருப்பாள். வெளியே வந்ததும் அவள் ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என்னென்னவோ சொன்னேன், எல்லாரும் செய்யக்கூடிய தப்புதான் என்றேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. "அவன் என்கிட்ட கேட்டான்டி," என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இயக்குநரிடம் போனோம். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். கட்டடம் எழும்பியபிறகு வகையை மாற்றினால் முதலில் நம்மை நாமே காட்டிக்கொடுத்தது போலாகும், வழக்கு வரும், அலுவலகமே கூண்டில் நிற்கும் என்றார். கொஞ்சம் பொறுங்கள், கட்டியவரிடம் நான் தனியாகப் பேசுகிறேன் என்றார். எப்போது என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். இவள்தான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். அப்புறம் அவரைத் தாண்டி, நகராட்சியின் மண் பரிசோதனைக் குழுவுக்கு நேராக எழுதினாள். வேலை போனாலும் போகட்டும் என்று எழுதினாள்.

குழு கூடும்வரை மழை நிற்கவே இல்லை. அவள் தினமும் வேலை முடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போய், அவர்களைத் தன் வீட்டுக்கு வந்துவிடும்படி கெஞ்சுவாள். தம்பிக்கு முதலில் சிரிப்பு. பிறகு எரிச்சல். வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொட்டி வாங்கிய வீடு, அக்காவே நல்ல இடம் என்ற வீடு, இப்போது அக்காவே பூதம் காட்டினால் அவன் என்ன செய்வான்? குடியிருப்பில் மற்றவர்கள் இன்னும் மோசம். வீட்டின் விலையைக் கெடுக்க வந்தவள் என்று மாடியிலிருந்து ஏசினார்கள். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதே நின்றுபோனது. நான் ஊட்டாத குறையாகத் திட்டிப் பார்த்தேன், பலிக்கவில்லை.

குழுவின் தலைவி ஒரு பொறியாளர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். பழைய வகையை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள் இவள். அப்போதும் அந்த ஜனங்கள் சொன்னதை வைத்துத்தானே எழுதினீர்கள், இப்போதும் அவர்களில் ஒருவர் சொன்னதைத்தானே கொண்டுவந்திருக்கிறீர்கள், எதை நம்பச் சொல்கிறீர்கள் என்றார். கட்டியவரின் வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அவள் என் வரைபடத்தைச் சுவரில் மாட்டினாள். ஆடு மேய்ப்பவர்களின் குடிசைப் பகுதியிலிருந்து குடியிருப்பின் பின்சுவர்வரை வந்து முட்டி நிற்கும் ஒரு ஒற்றையடிப் பாதையைக் காட்டினாள். அதற்கு ஊற்றுத்தடம் என்று பேர். முந்தின வாரம் மழையில் நனைந்தபடி நாங்கள் இருவரும் வீடு வீடாகக் கேட்டு உறுதி செய்தது.

"இது தொடர்புப் பேருங்க," என்றாள். "ஊத்துக்குப் போற தடம், அதனால ஊத்துத்தடம். மலை ஜனங்க இந்தப் பாதையில நடக்கறதே இல்லை. அவங்க வீடெல்லாம் எதிர்ப்பக்க மேட்டுல. பாதைக்குப் பேரு வச்சவங்க ஆடு மேய்க்கறவங்க. அவங்க மலைக்குப் போனதும் இல்லை, அங்க அப்படி ஒரு ஊரு இருந்துச்சுங்கறதே மலை ஜனங்க வர்ற வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. ஊத்து இல்லாத இடத்துக்குத் தண்ணி காட்ட யாராவது ஆட்டை ஓட்டிக்கிட்டு வருவாங்களா? பள்ளத்தோட பேரு பெயர்ந்த பேரு இல்லீங்க. விளக்கப் பேரு. நான் தப்பா எழுதிட்டேன். ஒரு துளை போடுங்க. தண்ணி வரலைன்னா என்னை வேலையை விட்டுத் தூக்குங்க."

தலைவி வரைபடத்தின் அருகே போய் அந்தப் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே வந்து பின்சுவரில் நிறுத்தினார். வக்கீல் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தான். உட்காருங்கள் என்றார்.

மறுநாள் பின்சுவரை ஒட்டித் துளை போட்டார்கள். முதலில் குவாரிக் கல்லும் தூளும் வந்தன. இரண்டு ஆள் ஆழம்கூடப் போகவில்லை, குழாயின் வாயில் தண்ணீர் தானாக ஏறி வந்து வழிந்தது. தெளிந்த தண்ணீர் இல்லை, கலங்கல். அதைப் பார்த்துத்தான் தலைவியின் முகம் மாறியது. கீழே இருக்கும் தூளைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போகிறது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெறும் பொந்துதான் மிஞ்சும் என்றார். எல்லாரும் உடனே வெளியேற வேண்டும் என்று அங்கேயே நின்று உத்தரவு போட்டார்.

மற்ற வீடுகள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் காலியாயின. தம்பி மட்டும் நகரவில்லை. மனைவி பைகளைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள், அவன் சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கத்தினேன், பிரயோஜனமில்லை. வகைக்காரி உள்ளே போனாள்.

"எழுந்திருடா."

"நீதானேக்கா தைரியமா வாங்குன்னு சொன்னே."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"இந்த வீட்டை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? கடனை அடைக்க இன்னும் பாதி ஆயுசு வேணும். நீ ஒரு சொல்லை மாத்தி எழுதிட்டே, சரி. என் வாழ்க்கையை எங்க போய் மாத்தி எழுதறது?"

அவள் அவனுக்கு எதிரே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். "நீ எழுந்திருக்கற வரைக்கும் நானும் எழுந்திருக்க மாட்டேன்" என்றாள். மிரட்டல் மாதிரி இல்லை, களைத்துப்போன குரல். சுவருக்குள் எங்கோ ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. நான் அம்மா, அப்பா என்று அலறினேன். அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு எழுந்து அவளைத் தாண்டி நடந்து வெளியே போனான். கை கொடுத்துத் தூக்கவில்லை. நான்தான் தூக்கினேன்.

அந்த மழை முடிவதற்குள் கட்டடத்தின் பின்பாதி இறங்கிவிட்டது. தம்பியின் சமையலறை இருந்த இடத்தில் இப்போது தவளை கத்துகிறது. அது இறங்கியபோது உள்ளே ஒரு பூனைகூட இல்லை, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். பத்திரிகைகளில் தலைவியின் படம் வந்தது. இயக்குநர், தங்கள் அலுவலகத்தின் உடனடி நடவடிக்கை என்று பேட்டி கொடுத்தார், கூச்சநாச்சமே இல்லாமல். வகைக்காரிக்கு மெமோ வந்தது. அதை அவள் மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தாள்.

தம்பியும் மனைவியும் குழந்தைகளும் அவளுடைய இரண்டு அறை வீட்டில்தான் இருந்தார்கள். குழந்தைகள் அவள் மேல்தான் படுத்துத் தூங்கின. தம்பி அவளிடம் பேசவில்லை. சண்டையில்லை, சிடுசிடுப்பில்லை, சாப்பாடு வைத்தால் சாப்பிட்டான். பேச்சு மட்டும் இல்லை. மனைவி மூலமாகத்தான் எல்லாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன் என்று என்னிடம் சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் அவர்களுக்கு வாடகைக்கு ஒரு வீடு அமைந்தது. பார்க்கப் போகும்போது அவன் மனைவி வற்புறுத்தி அக்காவையும் அழைத்தாள். அவள் தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டாள். சின்னத் தெரு. வாய்க்கால்கோடி என்று அதற்குப் பேர். தெருமுனையில் பலகையைப் பார்த்ததும் வகைக்காரியின் நடை தயங்கியது. அந்தத் தெருவை எனக்குத் தெரியும். நான்தான் வரைந்தேன், அவள்தான் வகை எழுதினாள். மேலே ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால் அந்த இடத்தில் முடிந்ததால் வந்த பேர். அந்த வாய்க்காலும் எப்போதோ தூர்ந்துபோயிற்று. எந்த ஆபத்தும் இல்லாத தொடர்புப் பேர். அவளுக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும்.

தம்பி வீட்டுக்குள் போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்த்தான். எல்லாக் கதவுகளையும் சாத்திச் சாத்தித் திறந்தான். பிறகு வாசலுக்கு வந்தான். அக்கா அவனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், கை நீட்டினால் தொடலாம். அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கூப்பிட்டான்.

"ஏங்க, இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பேரு வந்துச்சு, உங்களுக்குத் தெரியுமா?"

தனக்கு என்ன தெரியும், கல்யாணமாகி இங்கே வந்தவள்தானே என்றாள் அவள். சரி, பெரியவங்க யாராவது இருந்தா கேளுங்க, நான் நிக்கறேன் என்றான். அந்தப் பெண் ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். வகைக்காரி வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, அந்தப் பெண் திரும்பி வருகிறாளா என்று அவனோடு சேர்ந்து அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள்.